ஒற்றைச் சேலைக்கு விலை காண்பது எப்படி?

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு முருங்கைக்காய் ஏற்றிச் செல்லும் விவசாயிக்கு அன்றைய விலையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் சரக்கைப் போன்ற சரக்கு அதே காலையில் நூறு மூட்டைகள் வந்து இறங்குகின்றன. நூறு மூட்டைகளும் அங்கேயே கைமாறுகின்றன. ஆகவே விலை என்பது அங்கே காற்றில் கலந்திருக்கிறது. விலை அவருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் தெரியாமல் போவதில்லை.

சின்னாளபட்டி நெசவாளரின் நிலை வேறு. வழக்கமான சேலைகளை நெய்யும்வரையில் அவருக்கும் விலை தெரிந்தே இருக்கிறது. சங்கத்தில் கூலி நிர்ணயம் உண்டு, கடைகளில் வாடிக்கை விலை உண்டு. ஆனால் வழக்கத்திற்கு மாறாக ஒரு சரக்கைச் செய்துவிட்டாரானால் அதற்குச் சந்தை என்று ஒன்று கண்முன் இல்லை. அத்தகைய சரக்கொன்றை இம்மாதம் எடுத்துக்கொண்டு, அதற்கு நியாயமான விலை எந்த எல்லைக்குள் இருக்கும் என்பதைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழியை அங்கத்தினர்களுக்கு விளக்க எண்ணுகிறோம். நாம் எடுத்துக்கொள்வது, கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றிய ஒரு சுங்குடிச் சேலை.

சுங்குடி என்ற பெயரில் இன்று கடைகளில் விற்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை மெழுகு அச்சிலோ திரையச்சிலோ புள்ளி பதித்தவை. அவற்றில் குற்றமொன்றும் இல்லை. நம் பகுதியில் பல குடும்பங்கள் அவற்றால் வாழ்கின்றன. ஆனால் பழைய முறை வேறு. சேலையை மடித்துப் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலால் இறுகக் கட்டுவார்கள். பிறகு சாயத்தில் முக்கி உலர்த்தி முடிச்சுகளை அவிழ்த்தால், கட்டிய இடமெல்லாம் சாயம் ஏறாமல் சிறு வளையமாக நிற்கும். சௌராஷ்டிர மக்கள் மதுரையில் வளர்த்த கலை இது. 2005ஆம் ஆண்டு மதுரைச் சுங்குடி புவிசார் குறியீடு பெற்றது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் வேண்டியிருப்பதால் இம்முறையைக் கைக்கொள்வோர் இன்று மிகச் சிலரே.

அங்கத்தினர் ஒருவர் 80ஆம் நம்பர் நூலில் தறியில் நெய்த சேலைக்கு, அவர் வீட்டுப் பெண்மணி 20 நாள் அமர்ந்து முடிச்சிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 600 முடிச்சு. ஆக மொத்தம் 12,000. நாள் கூலி ரூ. 300 என்று போட்டால் முடிச்சுக் கூலி மட்டும் ரூ. 6,000 ஆகிறது. நூலும் நெசவுக் கூலியும் ரூ. 1,800, சாயமும் அலசலும் ரூ. 400. அடக்கம் ரூ. 8,200. இந்த எண்களும் இனி வரும் விலைகளும் கணக்கு விளங்குவதற்காக நாம் அமைத்துக்கொண்டவை. அவரவர் தம் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்கு வந்த வியாபாரி ஒருவர் இச்சேலையைப் பார்த்து, "சுங்குடி ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, நான் மூவாயிரம் தருகிறேன்" என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் கைபேசியில் தேடி, "பதினெட்டாயிரத்து ஐந்நூறு போட்டிருக்கிறார்கள்" என்கிறான். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முன்னவர் பேச்சைக் கேட்டால் 20 நாள் உழைப்புக்குக் கூலியே கிடையாது. பின்னவர் பேச்சைக் கேட்டால் சேலை பெட்டியிலேயே கிடந்து மடிப்பு மடிப்பாக வெளுத்துப்போகும். இரண்டுக்கும் நடுவே ரூ. 15,500 இடைவெளி இருக்கிறது. "நடுவில் ஒரு விலை வைத்துவிடுவோம்" என்பது கணக்காகாது.

செய்ய வேண்டியது, இச்சேலையை ஒத்த சேலைகள் எங்கெங்கே என்ன விலைக்கு நிற்கின்றன, என்ன விலைக்குப் போயின என்ற குறிப்புகளைத் திரட்டுவதாகும். இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு குறிப்பிலும் பார்த்த தேதி, பார்த்த இடம், நூல், கரை, நீளம், ரவிக்கைத் துண்டு உண்டா இல்லையா, முடிச்சின் எண்ணிக்கை, விலை ஆகியவற்றை எழுதவேண்டும். விலையின் பக்கத்தில், அது கேட்கும் விலையா, விற்ற விலையா என்பதையும் தவறாமல் எழுதவேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி விவரத்தைத்தான். கேட்கும் விலை என்பது விற்பவரின் ஆசை. விற்ற விலையோ இருவர் ஒப்பிய காரியம்.

முதலில் எது ஒத்த சரக்கு, எது ஒவ்வாத சரக்கு என்று பிரிக்கவேண்டும். பெயரைப் பார்த்துப் பிரித்தல் ஆகாது. சிறுமலை வாழை பயிரிடும் அங்கத்தினர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2008இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. எனினும் 'மலைப்பழம்' என்ற பெயரில் எங்கெங்கோ விளைந்த பழமெல்லாம் தள்ளுவண்டியில் விற்கிறது. அந்த வண்டி விலையைக் கொண்டு உண்மையான சிறுமலைத் தாருக்கு விலை கட்டினால் நட்டம் யாருக்கு? சுங்குடியிலும் அதே கதைதான்.

இணையதளத்தில் 'கைச்சுங்குடி, ரூ. 950' என்றொரு அறிவிப்பு இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். கைம்முடிச்சில் இரண்டு புள்ளிகள் ஒன்றுபோல் இரா. ஒன்று சற்றுப் பெருத்தும் ஒன்று சற்றுச் சாய்ந்தும் நிற்கும். கட்டிய இடத்தில் துணி நுண்ணிய குமிழாகச் சற்று எழும்பியிருக்கும். புள்ளிகள் அச்சு வார்த்தாற்போல் ஒரே அளவாய், ஒரே உருவம் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வருமானால் அது அச்சு என்று ஒதுக்கிவிடலாம். நேரில் பார்க்கும் சேலையாயின் புறத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். திரையச்சு மறுபக்கத்தில் மங்கியிருக்கும், முடிச்சு இருபக்கமும் ஒன்றாயிருக்கும். மெழுகு அச்சில் சாயம் இருபக்கமும் ஏறுவதுண்டாகையால், அங்கே மெழுகு வெடித்த மயிரிழைக் கோடுகளைத் தேடவேண்டும்.

பையன் சொன்ன ரூ. 18,500 சேலையையும் இவ்வாறே பார்ப்போம். அது பட்டும் பருத்தியும் கலந்த துணி. பெருநகரத்தில் பெயர் பெற்ற ஒரு வடிவமைப்பாளரின் முத்திரை பதித்தது. வாங்குகிறவர் துணிக்கு ஒரு பங்கும் முத்திரைக்கு ஒரு பங்கும் கொடுக்கிறார். நம்மிடம் அந்த முத்திரை இல்லையாதலால் இதையும் தள்ளவேண்டும். தள்ளுவது என்றால் நோட்டில் எழுதாமல் விடுவதன்று. காரணத்துடன் எழுதிக் குறுக்கே கோடிடுவது. மூன்று மாதம் கழித்து அதே சேலை மறுபடி கண்ணில் படும்போது மீண்டும் மயங்காமலிருக்க இது உதவும்.

இன்னும் சில வலைகள் உண்டு. ஒரே சேலையின் ஒரே படம் மூன்று கடைகளின் பெயரில் மூன்று விலையில் நிற்கும். அது மூன்று குறிப்பன்று, ஒன்றுதான். 'ரூ. 15,000' என்று எழுதி அடித்துவிட்டுக் கீழே 'ரூ. 7,500' என்று போட்டிருந்தால், அடித்த எண்ணை விலையாகவே கொள்ளக்கூடாது. தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் எடுத்த விலையாயின் அதையும் குறித்துக்கொள்ளவேண்டும். ஏனெனில் சித்திரையில் அந்த விலை இராது. வீட்டுக்கு அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்த விலையா, சேராத விலையா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இப்படித் தேடியதில் நமக்கு ஐந்து குறிப்புகள் தேறின என்று கொள்வோம். அபூர்வச் சரக்குக்கு ஐந்து கிடைத்தாலே நல்ல அறுவடைதான்.

முதலாவது, ஒரு காட்சிசாலையில் சீட்டு விலை ரூ. 7,000, 6,000 முடிச்சு, சிறிய ஜரிகைக் கரை. சேலை ஒன்றிரண்டு வந்தால் ஒரு மாதத்துக்குள் போய்விடுகிறது என்று அங்குள்ள விற்பனையாளர் சொல்லுகிறார். இரண்டாவது, இணையதளத்தில் அனுப்பும் செலவு ரூ. 150 உட்பட ரூ. 7,650, 8,000 முடிச்சு, இப்போது 'விற்றுத் தீர்ந்தது' என்று காட்டுகிறது. மூன்றாவது, கைத்தறிக் கண்காட்சியொன்றில் ரூ. 9,500 என்று சொல்லி ரூ. 8,000க்குக் கொடுத்தது, 9,000 முடிச்சு. நான்காவது, சென்ற ஆண்டு தெரிந்த நெசவாளர் ஒருவர் நேரடியாக ரூ. 7,000க்கு விற்றது, 7,500 முடிச்சு. ஐந்தாவது, இணையதளத்தில் ரூ. 12,500க்கு நிற்கும் சேலை; 9,000 முடிச்சு. இந்த ஐந்தாவதை நாம் முதலில் பார்த்து எழுதி, நான்கு வாரம் கழித்தும், எட்டு வாரம் கழித்தும் திரும்பிப் பார்க்கிறோம். அதே படம், அதே விலை, அதே இடம். நோட்டில் தேதி எழுதச் சொன்னதன் பயன் இங்கேதான் தெரிகிறது. அந்த விலையைச் சந்தை இதுவரை ஏற்கவில்லை. ஆகவே அது கூரையைக் காட்டுகிறதேயன்றி விலையைக் காட்டவில்லை.

விற்ற விலைகளை அறிவது கடினமல்லவா என்று சிலர் கேட்கலாம். கடினந்தான். கண்காட்சியின் முதல் நாளில் எவரும் வாய் திறக்கமாட்டார்கள். கடைசி நாள் மாலையில், மூட்டை கட்டும் நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் எது எவ்வளவுக்குப் போயிற்று என்பதைப் பெரும்பாலோர் மனம் விட்டே சொல்லுவார்கள். அதைவிட நம்பத் தகுந்தது சங்கத்தின் ரசீதுப் புத்தகம். அதில் ஆசைக்கு இடமில்லை. ஆனால் நம் சங்கங்களின் ரசீதுகளில் 'சுங்குடிச் சேலை 1' என்று மட்டுமே எழுதும் வழக்கம் இருக்கிறது. முடிச்சா அச்சா, எத்தனை என்பதை ஒரு வரி சேர்த்து எழுதினால், பின்னால் விலை தேடுகிறவருக்கு அந்தப் புத்தகமே சந்தையாக இருக்கும்.

இனி, எண்ணிக்கை. படத்திலுள்ள சேலையில் எத்தனை முடிச்சு என்பதை அறிவிப்பில் போடாமலிருப்பார்கள். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஐந்தரை மீட்டர் நீளமும் ஏறக்குறைய 1.2 மீட்டர் அகலமும் கொண்ட சேலையைப் பத்து சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 660 கட்டங்கள் வரும். ஒரு கட்டத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணி 660ஆல் பெருக்கினால் போதும். நம் சேலையில் கட்டத்துக்குச் சராசரி 18 புள்ளி. 18ஐ 660ஆல் பெருக்க 11,880 வருகிறது. 12,000 என்பது ஏறத்தாழச் சரியே. உடல், கரை, முந்தானை மூன்றிலும் புள்ளியின் நெருக்கம் வேறுபடுமாதலால் தனித்தனியே எண்ணவேண்டும். முந்தானையை மட்டும் படம் பிடித்துப் போட்டிருப்பவரிடம், "உடலிலும் இதே நெருக்கமா?" என்று கேட்டுவிடுவது நல்லது. முந்தானையில் நெருக்கமாயும் உடலில் தூவினாற்போலும் இருக்கும் சேலைகளே அதிகம்.

எண்ணிக்கை கிடைத்தபின் ஒப்பிடுவது எளிது. முடிச்சில்லாத அதே தரமான கைத்தறிச் சேலை, சாயமேற்றியது, கடைகளில் ரூ. 2,500 போகிறது என்று நாமே நாலு இடத்தில் விசாரித்து அறிகிறோம். ஒவ்வொரு குறிப்பிலிருந்தும் இந்தத் துணி விலையைக் கழித்து, மிச்சத்தை முடிச்சின் எண்ணிக்கையால் வகுத்தால், வாங்குகிறவர் ஒரு முடிச்சுக்கு என்ன கொடுக்கிறார் என்பது வெளிப்படும்.

காட்சிசாலைச் சேலைக்கு ஜரிகை உண்டாகையால் ரூ. 3,000 கழிக்கிறோம், மிச்சம் ரூ. 4,000, அதை 6,000 முடிச்சால் வகுக்க 67 பைசா. இணையதளச் சேலையில் அனுப்பும் செலவையும் துணி விலையையும் கழித்தால் ரூ. 5,000, 8,000 முடிச்சுக்கு 62 பைசாவுக்குச் சற்று மேல். கண்காட்சிச் சேலையில் ரூ. 5,500, 9,000 முடிச்சுக்கு 61 பைசா. சென்ற ஆண்டுச் சேலையில் ரூ. 4,500, 7,500 முடிச்சுக்குச் சரியாக 60 பைசா. முழு விலைகளைப் பார்த்தபோது ஒன்றுக்கொன்று ஆயிரம் ரூபாய் வித்தியாசம் தெரிந்த நான்கு சேலைகளும், முடிச்சுக்கு விலை என்று பார்க்கையில் 60 பைசாவுக்கும் 67 பைசாவுக்கும் நடுவே வந்து கூடிவிடுகின்றன. இப்படிக் கூடினால் நாம் ஒத்த சரக்குகளையே எடுத்திருக்கிறோம் என்பதற்கு அது ஓர் அடையாளம். ஒன்று மட்டும் 30 பைசாவிலோ ஒரு ரூபாயிலோ தனித்து நின்றால், அச்சுச் சேலையை முடிச்சென்று எண்ணிவிட்டோமா, துணியின் தரம் வேறா, முத்திரைக்குக் கொடுத்த விலையா என்று அதை மறுபடி சோதிக்கவேண்டும். நிற்கும் சேலையான ஐந்தாவதை இதே கணக்கில் போட்டால் ஒரு ரூபாய் 11 பைசா வருகிறது. அது ஏன் நிற்கிறதென்பது இப்போது விளங்குகிறது.

நம் சேலைக்கு வருவோம். 12,000 முடிச்சு 60 பைசா வீதம் ரூ. 7,200, 67 பைசா வீதம் ஏறக்குறைய ரூ. 8,000. துணிக்கு ரூ. 2,500 சேர்த்தால் ரூ. 9,700 முதல் ரூ. 10,500 வரை நியாயமான எல்லை என்று வருகிறது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நாம் பார்த்த சேலைகளில் 9,000 முடிச்சுக்கு மேற்பட்டது ஒன்றுமில்லை. முடிச்சு ஏற ஏற வாங்குகிறவர் அதே வீதத்தில் காசு கொடுப்பார் என்பதற்கு நம்மிடம் சாட்சியம் இல்லை. தூரத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு 9,000 முடிச்சும் 12,000 முடிச்சும் அவ்வளவு வேறாகத் தெரிவதில்லை. கட்டிப் பழகியவர் கண்ணுக்கே தெரியும். நம் குறிப்புகளிலும் முடிச்சு குறைந்த முதல் சேலைக்கே வீதம் கூடுதலாக இருப்பதைக் கவனிக்கவேண்டும். மற்ற மூன்றும் 60ஐ ஒட்டியே இருக்கின்றன. ஆகவே எல்லையின் கீழ்ப்பக்கத்தில் நிற்பதே விவேகம். கேட்பது ரூ. 10,200 என்று வைத்து, ரூ. 9,700க்குக் கொடுக்கச் சித்தமாயிருப்பதும், ரூ. 9,000க்குக் கீழே இறங்காதிருப்பதும் நம் அபிப்பிராயம். ஆறு வாரத்தில் பார்த்தவர் பத்துப் பேர், விலை கேட்டவர் ஒருவருமில்லை என்றால் எல்லையை நாம் உயர்த்திக் கட்டிவிட்டோம் என்று பொருள். வந்த முதல் ஆளே பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனால் தாழ்த்திக் கட்டிவிட்டோமோ என்று அடுத்த சேலைக்கு நோட்டைத் திருப்பிப் பார்க்கலாம்.

அடக்க விலையைக் கடைசியில் வைத்தே ஒப்பிட்டோம் என்பதை அங்கத்தினர்கள் கவனித்திருப்பார்கள். அடக்கத்தோடு இலாபம் சேர்த்தால் விலை என்று எண்ணுவது நம்மவரிடம் உள்ள பழக்கம். அடக்கம் நமக்கு எவ்வளவு ஆயிற்று என்பது வாங்குகிறவருக்கு வேண்டாத விஷயம். சந்தை விலை முன்னால் தெரிந்த பிறகு, அந்த விலைக்கு இந்தச் சரக்கைச் செய்யலாமா கூடாதா என்று தீர்மானிக்கவே அடக்கம் பயன்படுகிறது.

அந்தத் தீர்மானத்தைப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 600 முடிச்சுக்கு ரூ. 300 கூலி என்றால் ஒரு முடிச்சின் அடக்கம் 50 பைசா. சந்தை தருவது 60. துணியிலும் சாயத்திலும் அடக்கம் ரூ. 2,200, சந்தை தருவது ரூ. 2,500. நேரடியாக விற்றால் ரூ. 9,700இல் ரூ. 1,500 மிஞ்சும். அதே சேலையைக் கடைக்காரரிடம் கொடுத்து, அவர் விற்கும் விலையில் மூன்றிலொரு பங்கை எடுத்துக்கொள்வாரானால் நம் கைக்கு வருவது ரூ. 6,467. முடிச்சுக்கு 60 பைசா 40 பைசாவாகிவிடுகிறது. 20 நாள் அமர்ந்த பெண்மணி ஒவ்வொரு முடிச்சுக்கும் 10 பைசாவைத் தம் கையிலிருந்து கொடுத்ததாக ஆகும். ஆகவே இந்தச் சேலையைக் கண்காட்சியிலோ சங்கத்தின் மூலமோ அணிவோரிடம் நேரே சேர்ப்பித்தாலன்றி, இன்னொன்று தொடங்குவதற்கில்லை. கடைக்குக் கொடுப்பதற்கு, அச்சுச் சுங்குடியும் முந்தானையில் மட்டும் முடிச்சிட்ட சேலையும் இருக்கின்றன; அவற்றுக்கும் இதே நோட்டில் வேறு பக்கம் ஒதுக்கி விலைக் குறிப்புகளைச் சேர்க்கத் தொடங்கலாம்.